மாத லிசனர் எண் ஏறினால் ரசிகர்கள் கூடினார்களா? ஆர்ட்டிஸ்ட் டாஷ்போர்டைப் படிக்கும் முறை

சொந்தமாகப் பாட்டு செய்து, ஒரு விநியோக நிறுவனம் வழியாக ஸ்பாட்டிஃபையில் ஏற்றிய எவருக்கும் Spotify for Artists டாஷ்போர்டு இலவசமாகக் கிடைக்கும். அதில் முதலில் கண்ணில் படுவது மாத லிசனர் எண்ணிக்கைதான். நம் பக்கத்துக்கு வரும் எல்லோருக்கும் தெரிகிற எண்ணும் அதுவே. அதனால் புதிதாக வருகிற இசைக் கலைஞர்கள் தினமும் அதையே திறந்து பார்க்கிறார்கள். ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் மனம் சோர்ந்துவிடுகிறது.

என் பார்வையில், நம்மைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண் அதுதான். எத்தனை பேர் காதில் பாட்டு விழுந்தது என்று அது சொல்லும். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பதை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள அதே டாஷ்போர்டில் இருக்கும் வேறு சில எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில், எது எப்படி எண்ணப்படுகிறது

ஒருவர் பாட்டை 30 விநாடியாவது கேட்டால் அது ஒரு ஸ்ட்ரீம். 25-வது விநாடியில் தாண்டிப் போய்விட்டால் கணக்கில் வராது. அதே ஆள் ஒரே நாளில் பத்து முறை கேட்டால் பத்து ஸ்ட்ரீம். ஆனால் லிசனர் ஒருவர்தான். லிசனர் என்பது தலைக்கணக்கு, ஸ்ட்ரீம் என்பது தடவைக்கணக்கு.

சேவ் என்பது கேட்டவர் பாட்டைத் தன் சொந்தத் தொகுப்பில் வைத்துக்கொள்வது. முன்பு இதற்கு இதயக் குறி இருந்தது. 2023-இலிருந்து கூட்டல் குறி. அதை ஒரு முறை தொட்டால் Liked Songs பட்டியலில் பாட்டு சேரும். அங்கிருந்து, அவரே உருவாக்கி வைத்திருக்கும் பிளேலிஸ்ட்டுகளிலும் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பதுதான் பிளேலிஸ்ட் ஆட்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சின்ன வித்தியாசம் உண்டு. சேவ் செய்பவர் ‘இதை மறுபடி கேட்க வேண்டும்’ என்று எடுத்து வைக்கிறார். பிளேலிஸ்ட்டில் சேர்ப்பவர் அதை எப்போது கேட்கப் போகிறார் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்: இரவுப் பயணம், உடற்பயிற்சி, படிப்பு என்று அந்தப் பட்டியலுக்கு ஒரு நேரம் இருக்கும். என் அனுபவத்தில் பிளேலிஸ்ட் ஆட்தான் மெதுவாக வந்தாலும் நீண்ட நாள் ஸ்ட்ரீம் தருவது. அந்தப் பட்டியல் ஓடும்போதெல்லாம் நம் பாட்டும் ஓடுமே.

சேவும் ஆடும் கேட்பவர் கையை நீட்டிச் செய்கிற காரியங்கள். ஸ்ட்ரீம் அப்படி இல்லை. ஃபோன் பையில் இருக்கும்போது, யாருடைய பாட்டு என்றுகூடத் தெரியாமல் ஓடி முடிந்தாலும் அது ஸ்ட்ரீம்தான்.

ஒரு பாட்டு, நான்கு வாரம்

இதை ஒரு கணக்கில் பார்த்துவிடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இவை நகரும் விதம் சிறிய கலைஞர்களின் டாஷ்போர்டில் அடிக்கடி காணக்கூடியது.

ஒரு பாடகி தன் பாட்டை வெள்ளிக்கிழமை வெளியிடுகிறார். முதல் வாரம் நண்பர்கள், ஏற்கெனவே பின்தொடர்பவர்கள், ரீல்ஸ் பார்த்து வந்தவர்கள் கேட்கிறார்கள். இரண்டாம் வாரம் யாரோ ஒருவர் தன்னுடைய பெரிய பிளேலிஸ்ட்டில் அந்தப் பாட்டைச் சேர்க்கிறார். வாரக் கடைசியில் எடுத்தும் விடுகிறார்.

| வாரம் | லிசனர் | ஸ்ட்ரீம் | சேவ் | பிளேலிஸ்ட் ஆட் |
|---|---|---|---|---|
| 1 | 180 | 520 | 31 | 22 |
| 2 | 2,250 | 2,600 | 36 | 20 |
| 3 | 210 | 590 | 19 | 15 |
| 4 | 190 | 540 | 14 | 11 |

இரண்டாம் வாரத்தில் பாடகிக்குத் தலைகால் புரியாது. லிசனர் பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதே வரியில் சேவ் எண்ணைப் பாருங்கள். 31-லிருந்து 36. பிளேலிஸ்ட் ஆட் இரண்டு குறைந்தே இருக்கிறது. ஆள் இத்தனை பேர் கூடியும் கையை நீட்டியவர்கள் கூடவில்லை.

இதை ஒப்பிட மூன்று வகுத்தல் போதும். மூன்றிலும் கீழே வருவது லிசனர்தான்.

```
ஒரு ஆளுக்கு ஸ்ட்ரீம் = ஸ்ட்ரீம் / லிசனர்
சேவ் வீதம்      = சேவ் / லிசனர் × 100
ஆட் வீதம்       = ஆட் / லிசனர் × 100
```

முதல் வாரம்: ஒரு ஆள் சராசரியாக 2.9 முறை கேட்டிருக்கிறார். சேவ் வீதம் 17, ஆட் வீதம் 12. இரண்டாம் வாரம்: ஒரு ஆளுக்கு 1.2 முறைதான். சேவ் வீதம் 1.6, ஆட் வீதம் ஒன்றுக்கும் கீழ்.

ஒரு ஆளுக்கு 1.2 என்றால் பெரும்பாலானோர் ஒரு முறை கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பொருள். சரி, அப்படியானால் பாட்டு பிடிக்கவில்லையா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரக் கூடாது. பாட்டு எங்கிருந்து கேட்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரீம் வந்த வழி

டாஷ்போர்டில் ஸ்ட்ரீம் எந்த வழியாக வந்தது என்று பிரித்துக் காட்டும் ஒரு பகுதி உண்டு. கேட்பவரின் சொந்தத் தொகுப்பும் அவருடைய பிளேலிஸ்ட்டுகளும் ஒரு வழி. நம் கலைஞர் பக்கம், நம் ஆல்பம் என்று வந்து கேட்பது இன்னொன்று. பிறருடைய பிளேலிஸ்ட், ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழு தொகுக்கும் பட்டியல், ரேடியோ, ஆட்டோபிளே போன்ற அல்காரிதம் வழிகள் ஆகியவை மீதி. நான் இவற்றை இரண்டாகத்தான் பிரித்துக்கொள்வேன்: நம்மைத் தேடி வந்து கேட்டது, நாம் தானாகக் காதில் போய் விழுந்தது. முதல் இரண்டு வழிகள் தேடி வந்தவை.

நம் பாடகியின் கணக்கில் முதல் வாரத்து 520 ஸ்ட்ரீமில் 310 அவருடைய பக்கத்திலிருந்து வந்தவை, 170 கேட்பவர்களின் சொந்தத் தொகுப்பிலிருந்து வந்தவை, 40 மட்டும் அல்காரிதம். ஏறக்குறைய எல்லோரும் தேடி வந்தவர்கள். அதனால் சேவ் வீதம் 17 என்பதும் கொஞ்சம் தாராளமான எண்தான். நண்பர்கள் நட்புக்காகவும் சேவ் செய்வார்கள்.

இரண்டாம் வாரத்து 2,600-இல் 2,170 ஸ்ட்ரீம் அந்த ஒரு பிளேலிஸ்ட்டிலிருந்து. மீதி 430-இல் சொந்தத் தொகுப்பு 200, பக்கம் 150, அல்காரிதம் 80. ஆக, பழைய கூட்டம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதன் மேல் தற்காலிகமாக இன்னொரு கூட்டம் வந்து நின்றது, அவ்வளவுதான்.

அடுத்து பிளேலிஸ்ட் பகுதிக்குப் போய் அந்தப் பட்டியலின் பெயரைப் பார்க்க வேண்டும். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தூங்குவதற்கான பட்டியல் என்றால் கேட்பவர் கண்ணை மூடியிருப்பார். கூட்டல் குறியை யார் தொடுவார்? அங்கே சேவ் குறைவது பாட்டின் மேல் வந்த தீர்ப்பு அல்ல. அதுவே ‘புதிய குரல்கள்’ மாதிரி ஒரு பட்டியலாக இருந்து, புதுப் பாட்டு தேடித்தான் ஆட்கள் அங்கே வருகிறார்கள் என்றால், 1.6 யோசிக்க வைக்கும் எண். பாட்டின் முதல் முப்பது, நாற்பது விநாடிகளை மறுபடி கேட்டுப் பார்க்கலாம். அல்லது பட்டியலில் இருக்கும் மற்ற பாட்டுகளோடு நம் பாட்டு ஒட்டாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் இந்த அட்டவணையில் முக்கியமானது மூன்றாம் வாரம். கூட்டம் போன பிறகு மிச்சம் இருப்பது என்ன என்பதை அதுதான் காட்டுகிறது. முதல் வாரத்து 180 லிசனர், மூன்றாம் வாரத்தில் 210. பொதுவாகச் சிறிய கலைஞர்களின் பாட்டு முதல் வாரத்துக்குப் பின் இறங்கும். இங்கே கொஞ்சம் ஏறியிருக்கிறது. வழிகளைப் பிரித்தால் சொந்தத் தொகுப்பிலிருந்து 330, பக்கத்திலிருந்து 150, அல்காரிதத்திலிருந்து 110. சொந்தத் தொகுப்பு ஸ்ட்ரீம் 170-லிருந்து 200 ஆகி, இப்போது 330. சேவ் செய்து வைத்தவர்களும் பிளேலிஸ்ட்டில் போட்டவர்களும் திரும்பி வந்து கேட்கிறார்கள். பாடகியின் உண்மையான வளர்ச்சி இந்த 330-தான். இரண்டாம் வாரத்து 2,250-ஐ விட இதற்குத்தான் நான் மகிழ்வேன்.

வாரங்களைக் கூட்டினால் மாதம் வராது

நான்கு வாரத்து லிசனரைக் கூட்டினால் 2,830. ஆனால் 28 நாள் பார்வையைத் திறந்தால் 2,420 என்று இருக்கும். ‘410 பேரைக் காணோம், டாஷ்போர்டு தப்பு’ என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு இல்லை. முதல் வாரம் கேட்டவர் மூன்றாம் வாரமும் கேட்டால் ஒவ்வொரு வாரக் கணக்கிலும் ஒரு முறை வருவார். 28 நாள் கணக்கில் ஒரே ஒரு முறைதான் வருவார். அதனால் இந்த 410 என்பது திரும்பி வந்தவர்களின் சுவடு. இதை நேரடியாக 410 ஆட்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான்கு வாரமும் வந்த ஒருவர் மட்டுமே இதில் மூன்றாகக் கழிந்திருப்பார். ஆனாலும் இந்த வித்தியாசம் பெரிதாக இருப்பது நல்ல அறிகுறி. யாருமே திரும்பி வராவிட்டால் வித்தியாசமே இருக்காது.

28 நாள் பார்வையில் இன்னொரு சிக்கல் உண்டு. மொத்த சேவ் 100, லிசனர் 2,420. சேவ் வீதம் ஏறக்குறைய 4. இந்த 4 யாருடைய எண்? தேடி வந்தவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் சேவ் செய்தார்கள். பிளேலிஸ்ட்டில் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் பக்கம். நூற்றுக்கு நான்கு பேர் சேவ் செய்த கூட்டம் என்று ஒன்று இருக்கவே இல்லை. இரண்டு வேறு கூட்டங்களைக் கலக்கும்போது இப்படி யாருக்கும் பொருந்தாத சராசரி வரும். அதனால் பெரிய ஏற்றம் ஒன்று நடந்திருந்தால், தேதியை மாற்றி அந்த நாட்களைத் தனியாகப் பார்ப்பதுதான் வழி.

திடீர் வீழ்ச்சி எப்போது வரும்

மாத லிசனர் என்ற பெயரைப் பார்த்து அது ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். கடந்த 28 நாளில் ஒரு முறையாவது கேட்டவர்களின் எண்ணிக்கை அது. ஒவ்வொரு நாளும் புதிய நாள் ஒன்று உள்ளே வரும், பழைய நாள் ஒன்று வெளியே போகும்.

பாடகியின் பாட்டு அந்தப் பட்டியலில் இருந்தது வெளியீட்டிலிருந்து 8-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை. 15-ஆம் நாளே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மாத லிசனர் எண் அசையாமல் 2,400-ஐ ஒட்டியே நிற்கும். 20-ஆம் நாளும் அப்படியே, 30-ஆம் நாளும் அப்படியே. பாடகி ‘ரசிகர்கள் நிலைத்துவிட்டார்கள்’ என்று நம்பத் தொடங்குவார். 36-ஆம் நாள் வரும்போது 8-ஆம் நாள் கணக்கிலிருந்து விலகும். அன்று மட்டும் கேட்டுப் போனவர்கள் எல்லோரும் அதோடு போவார்கள். 42-ஆம் நாளுக்குள் ஏழு நாட்களும் விலகிவிடும். ஒரே வாரத்தில் எண் இரண்டாயிரம் விழும்.

அந்த வாரம் பாடகி ஒன்றுமே செய்திருக்க மாட்டார். அல்காரிதம் தண்டித்ததாகவோ புதிதாகப் போட்ட வீடியோ பிடிக்காமல் ஆட்கள் போய்விட்டதாகவோ அவருக்குத் தோன்றும். நடந்தது வேறு: நான்கு வாரம் முன்பே முடிந்துபோன ஒன்று இப்போதுதான் கணக்கிலிருந்து விலகுகிறது. இப்படி ஒரு வீழ்ச்சியைப் பார்த்தால் உடனே 28 நாள் பின்னால் போய், அந்தத் தேதியில் ஒரு ஏற்றம் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. இல்லாவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

இந்த வீதங்களை எவ்வளவு நம்பலாம்

லிசனர் நூறுக்குக் கீழே இருக்கும்போது வீதம் போட்டுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. 12 பேர் கேட்டு 3 பேர் சேவ் செய்தால் வீதம் 25. நான்காவதாக ஒருவர் சேவ் செய்தால் 33. ஒரே ஆளின் விரல் எட்டுப் புள்ளியை நகர்த்துகிறது. இந்த நிலையில் அந்த மூன்று பேர் யார் என்று தெரிந்தால் அவர்களிடம் நேரில் பேசுவதே மேல்.

இன்னொன்று, சேவ் வீதம் நாளாக ஆகத் தானாகவே குறையும். ஒருவர் பாட்டை ஒரு முறை சேவ் செய்துவிட்டால் மறுபடி சேவ் செய்யப் போவதில்லை. ஆனால் திரும்ப வந்து கேட்கும்போதெல்லாம் லிசனராக எண்ணப்படுவார். நம் அட்டவணையில் மூன்றாம் வாரத்து சேவ் வீதம் 9. முதல் வாரத்து 17-இல் கிட்டத்தட்ட பாதி. அந்த 210 பேரில் பெரும்பாலானோர் திரும்பி வந்தவர்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார்கள். எனவே ஒரு வருடப் பழைய பாட்டின் இந்த மாத வீதத்தையும் புதுப் பாட்டின் முதல் மாத வீதத்தையும் ஒப்பிட்டால் பழைய பாட்டுக்கு அநியாயம் செய்கிறோம். முதல் 28 நாளை முதல் 28 நாளோடு ஒப்பிட வேண்டும். அதுவும் நம் பாட்டை நம் பாட்டோடுதான். ‘சேவ் வீதம் இவ்வளவு இருந்தால்தான் நல்ல பாட்டு’ என்று ஊருக்கெல்லாம் ஒரே எண் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கண்மூடிக் கேட்கும் மெல்லிசைக்கும் கூடிப் பாடும் குத்துப்பாட்டுக்கும் அது எப்படி ஒன்றாக இருக்கும்?

மனிதர்கள் கேட்காத ஸ்ட்ரீம்

காசு கொடுத்தால் பிளேலிஸ்ட்டில் சேர்த்து இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் வாங்கித் தருகிறோம் என்று செய்தி அனுப்புகிறவர்கள் உண்டு. அவற்றில் பல, மென்பொருள் ஓட்டிக் காட்டும் ஸ்ட்ரீம்கள். காசே கொடுக்காதவர் பாட்டும் சில சமயம் அப்படிப்பட்ட பட்டியலில் போய் விழும். அதனால் அடையாளம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டாம் வாரத்தில் அந்தப் பிளேலிஸ்ட் வழியாக நம் பாடகிக்கு வந்த ஏறக்குறைய 2,100 புதிய ஆட்களிடமிருந்து இருபது சேவாவது வந்திருக்கும் என்று மதிப்பிடலாம். அது குறைவு. ஆனால் மனிதர்கள் இருந்ததற்கான தடயம். அதே அளவு கூட்டம் வந்து சேவ் ஒன்றும் கூடாமல், பின்தொடர்பவர் ஒருவரும் கூடாமல், பாட்டின் மொழிக்கோ பாணிக்கோ தொடர்பே இல்லாத ஒரே நகரம் இடப் பட்டியலின் உச்சிக்கு ஏறி, எல்லாம் ஒரே பிளேலிஸ்ட்டிலிருந்து வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். இதில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது, நாலும் சேர்ந்து வந்தால் அனேகமாக அதுவே. போலி என்று கண்டுபிடித்த ஸ்ட்ரீம்களை ஸ்பாட்டிஃபை கணக்கிலிருந்து நீக்கும். மிக அதிகமாக இருந்தால் 2024 முதல் அந்தப் பாட்டுக்காக விநியோக நிறுவனத்திடம் அபராதமும் வாங்குகிறது. அந்தச் சுமை சில சமயம் கலைஞர் தலையில் விழும். எனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலின் பெயரோடு விநியோக நிறுவனத்துக்கு நாமே முதலில் எழுதிவிடுவது பாதுகாப்பு.

பணக் கணக்கில் புதியவர்கள் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: அதே 2024 முதல், கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 ஸ்ட்ரீம் இல்லாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத் தொகை சேராது. இது பாட்டுக்குப் பாட்டு பார்க்கப்படுவது. பத்துப் பாட்டும் சேர்ந்து ஐயாயிரம் என்று காட்ட முடியாது. நம் பாடகியின் பாட்டு நான்கு வாரத்தில் 4,250 ஸ்ட்ரீம் கண்டுவிட்டது. அந்தப் பிளேலிஸ்ட் வராமல் இருந்திருந்தாலும் அவருடைய சொந்தக் கூட்டம் தந்ததே இரண்டாயிரத்துக்கு மேல்.

அடுத்த பாட்டுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது

வெள்ளிக்கிழமைதோறும் நான்கு எண்களையும், சொந்தத் தொகுப்பிலிருந்து வந்த ஸ்ட்ரீமையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏற்றம் வந்த தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் குறியுங்கள்: பட்டியல் பெயர், போட்ட ரீல்ஸ், நிகழ்ச்சி. ஒரு மாதம் கழித்து எண் விழும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

நம் பாடகி அடுத்த பாட்டை வெளியிடுவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பே டாஷ்போர்டு வழியாக ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பினால், ஆசிரியர் குழு எடுக்காவிட்டாலும், அவரைப் பின்தொடர்பவர்களின் Release Radar என்ற புதுப் பாட்டுப் பட்டியலுக்கு அந்தப் பாட்டு போகும். மூன்றாம் வாரத்தில் சொந்தத் தொகுப்பிலிருந்து 330 முறை கேட்டவர்களில் எத்தனை பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள் என்பது அப்போதுதான் முக்கியமாகும். சேவ் செய்தவர் எல்லோரும் பின்தொடர்பவர் அல்ல. அதனால் இந்த இடைவெளி நாட்களில் அவர் ரீல்ஸிலும் நிகழ்ச்சியிலும் கேட்க வேண்டியது ‘பாட்டைக் கேளுங்கள்’ என்பதை விட ‘என் பக்கத்தில் ஃபாலோ அழுத்துங்கள்’ என்பதைத்தான்.